செருப்பு விடும் இடத்திலிருந்து வழியைத் தொடங்குங்கள்

"மதுராந்தகம் பக்கத்தில் தாத்தா வீட்டைப் பழுதுபார்த்து, எங்கள் ஊருக்கென்று சிறிய அருங்காட்சியகம் வைக்கிறோம். கிழக்குப் பார்த்த வீடு. திண்ணை, 4 அடி ரேழி, நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் 6 அடித் தாழ்வாரம், தெற்கே இரண்டு அறை, வடக்கே இரண்டு அறை, மேற்கே கூடம், அதற்குப் பின்னால் சமையலறை, கொல்லை, கிணறு. சுமார் 180 பொருள் சேர்ந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்களை எந்த வழியாக நடத்துவது, எதை எங்கே வைப்பது? காவலுக்கு ஒரே ஒருவர்தான். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறுதான் ஊருக்குப் போக முடியும்."

வரைபடத்தைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: வருகிறவர்கள் செருப்பை எங்கே கழற்றுவார்கள்? சிரிக்காதீர்கள். காட்சி அமைப்பு வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், வீட்டை அருங்காட்சியகமாக்கும்போது மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் வழியைத் தீர்மானிக்கிறது என்பதை ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். உங்களுடையதைப் போன்ற ஒரு முற்றத்து வீட்டில், முன்வாசலில் நுழைந்து கொல்லை வழியாக வெளியேறுவதுபோல் திட்டம் போட்டேன். ஒருவழிப்பாதை, யாரும் யாரையும் இடிக்க வேண்டாம், காகிதத்தில் பார்க்க அவ்வளவு அழகு. திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, சித்திரை வெயிலில், வெறுங்காலுடன் பத்துப் பதினைந்து பேர் வீட்டைச் சுற்றிக்கொண்டு திண்ணைக்கு ஓடினார்கள். செருப்பு முன்னால் இருக்கிறது, ஆட்கள் பின்னால் வந்து நிற்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து கொல்லைக் கதவு வரை போய், வந்த வழியிலேயே எல்லோரும் திரும்பினார்கள். எதிரும் புதிருமாக நெரிசல்.

"செருப்போடு உள்ளே வரலாம்" என்று பலகை வைத்தாலும் பலன் இல்லை. திண்ணையும் நிலைப்படியும் இருக்கிற வீட்டைக் கண்டால் நம் ஊர்க்காரர்களுக்குக் கால் தானாகவே செருப்பைக் கழற்றிவிடும். அதை ஏற்றுக்கொண்டு திட்டம் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஆகவே உங்கள் வீட்டில் நுழைவும் வெளியேறுதலும் ரேழி ஒன்றுதான். இடையில் முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில்தான் கொஞ்சம் யோசனை வேண்டும். 1930களில் ஆர்தர் மெல்டன் என்ற உளவியலாளர் அமெரிக்க அருங்காட்சியகங்களில் பார்வையாளர்களைப் பின்தொடர்ந்து குறித்துவைத்தார். உள்ளே நுழைந்ததும் பெரும்பாலோர் வலது பக்கம் திரும்பினார்கள் என்பது அவர் கண்டது. அதை அப்படியே நமக்குப் பொருத்த எனக்குத் தயக்கம் உண்டு. கோயிலில் வலம் வந்து பழகியவர்கள் நடுவில் முற்றத்தைப் பார்த்தால் அதை வலக்கைப் பக்கம் வைத்துக்கொள்ளவே பார்க்கிறார்கள், அதாவது நுழைந்ததும் இடப்பக்கம் திரும்புகிறார்கள். இது நான் கண்ணால் பார்த்தது, எண்ணிக் கணக்கெடுத்தது இல்லை. நீங்கள் சென்னையில்தானே இருக்கிறீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குப் போய், அங்கே பெயர்த்து எடுத்து வந்து கட்டியிருக்கும் செட்டிநாட்டு வீட்டில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வருகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பழக்கம் எப்படி இருந்தாலும் வலம் வரும் வழியைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம் இருக்கிறது, இது உறுதியானது. முற்றம் வலக்கைப் பக்கம் இருந்தால் சுவர் இடக்கைப் பக்கம் வரும். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றால், அடுத்த பொருள் உங்கள் வலது பக்கத்தில் இருக்கும். அதாவது காட்சிகள் இடமிருந்து வலமாக, தமிழ் வாசிக்கிற திசையிலேயே நகரும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் நான்காவது படத்தைப் பார்த்த பிறகுதான் மூன்றாவது படம் வரும். ஏரி வெட்டிய கதையோ குடும்பப் படங்களோ வரிசையாகச் சொல்ல நினைத்தால் இது பெரிய தொல்லை. ஆக, உங்கள் வீட்டில் ரேழியிலிருந்து வந்ததும் இடப்பக்கம் திரும்பி, தெற்குத் தாழ்வாரம், மேற்கே கூடம், வடக்குத் தாழ்வாரம், மறுபடி ரேழி. அம்புக்குறிகள் தேவைப்படாது. ரேழி முடிகிற இடத்தில், இடப்பக்கச் சுவரில் வெளிச்சம் விழும்படி ஒரு பெரிய படம் இருந்தால் போதும். கால் அந்தப் பக்கம் போய்விடும்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. நம் பழைய வீடுகளில் வாசல் நிலையும், ரேழியும், கூடத்துக் கதவும், கொல்லைக் கதவும் பெரும்பாலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். திண்ணையில் நின்றாலே கொல்லைப்புற வெளிச்சம் தெரியும். மெல்டன் கண்ட இன்னொன்று இங்கே அப்படியே பொருந்துகிறது: வெளியேறும் வாசல் கண்ணில் பட்டால் அது ஆளை இழுக்கும், நடுவில் இருப்பதையெல்லாம் தாண்டிப் போய்விடுவார்கள். அதனால் காட்சி நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்தியே வையுங்கள். கூடத்தில், அந்த நேர்க்கோட்டில், குதிர் ஒன்றை நிறுத்துங்கள். ஆள் உயர மண்குதிர் இருந்தால் இன்னும் நல்லது. பார்வை அதில் முட்டி நிற்கும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் சுற்றி வருவார்கள்.

அடுத்து அகலம். ஒருவர் நின்று பார்க்க, இன்னொருவர் அவரைத் தாண்டிப் போக, குறைந்தது 120 செ.மீ. வேண்டும். இடுப்பில் குழந்தையோடு வருகிறவர்களும் சக்கர நாற்காலியும் உண்டு என்பதால் நான் 120-க்குக் கீழே இறங்குவதில்லை. உங்கள் தாழ்வாரம் 6 அடி, சுமார் 180 செ.மீ. "60 செ.மீ. ஆழத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்தாலும் 120 மிஞ்சுகிறதே" என்று தோன்றும். ஐப்பசியில் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். திறந்த முற்றத்துச் சாரல் தாழ்வாரத்துக்குள் ஒரு அடிக்குக் குறையாமல் தெறிக்கும். அந்த ஈரமான ஓரத்தில் யாரும் நடக்க மாட்டார்கள், நடக்கவும் கூடாது, வழுக்கும். அந்த 30 செ.மீ.யைக் கழித்தால் உங்களிடம் இருப்பது 150. அதில் 120 நடக்கப் போனால், காட்சிக்கு 30. ஆகவே தாழ்வாரத்தில் கண்ணாடிப் பெட்டியே வேண்டாம். சுவரோடு ஒட்டிய படங்கள், வரைபடம், மாட்டிவைத்த நுகத்தடி, கலப்பை, ஏற்றத்துச் சால் இவ்வளவுதான். மே மாதத்தில் இதே ஓரத்தில் எதிர்ப்பிரச்சினை வரும்: முற்றத்துத் தரை காலைச் சுடும், எல்லோரும் சுவர்ப்பக்கமாகவே நெருங்கி நடப்பார்கள். இரண்டு பருவத்துக்கும் ஒரே விடை, சுவரோரத்தில் துருத்திக்கொண்டு எதுவும் இருக்கக் கூடாது.

வெயிலையும் இதோடு சேர்த்தே யோசியுங்கள். கூடத்துக்குக் காலை வெயில் முகத்தில் அடிக்கும். மார்கழி, தை மாதங்களில் நண்பகல் வெயில் தெற்கே சாய்ந்து வருவதால் வடக்குத் தாழ்வாரத்தின் உள்ளே வரை புகும். நேர் வெயில் குறைவாக வருவது தெற்குத் தாழ்வாரம். பத்திரம், பழைய போட்டோ, பட்டுப்புடவை இவற்றுக்குத் தெற்கு அறைகள்தான் இடம். காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கிற அளவு. ரிச்சி தெருவில் லக்ஸ் மீட்டர் வாங்கலாம். கைபேசிச் செயலிகள் தோராயமாகத்தான் காட்டும். ஆனால் வெயிலில் நின்றுவிட்டு வந்த கண்ணுக்கு 50 லக்ஸ் கும்மிருட்டு. கண் பழக இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். இதனால்தான் ரேழியில் எதையும் வைக்காதீர்கள் என்று சொல்கிறேன். அங்கே வைத்ததை யாரும் பார்ப்பதில்லை, கண் அப்போதுதான் இருட்டுக்குப் பழகிக்கொண்டிருக்கும். சீட்டு கொடுக்கிற மேசையும் அங்கே கூடாது, 4 அடி வழியில் அது பெரும் அடைப்பு. அது திண்ணைக்குப் போகட்டும். பத்திரங்களைத் தெற்கே இருக்கும் இரண்டு அறைகளில் இரண்டாவதில் வையுங்கள். அதற்குள் கண் பழகியிருக்கும்.

அந்த நான்கு அறைகள் பற்றி. ஒரே கதவு, இரண்டரை அடி அகலம், உள்ளே பத்துக்குப் பத்து இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். சுவரோரம் பெட்டிகள் போக ஐந்து பேர் நிற்கலாம். ஆறாவது ஆள் நுழையும்போது முதல் ஆள் வெளியே வரப் பார்ப்பார், நிலையில் இருவரும் முட்டிக்கொள்வார்கள். சுவரை இடித்து அறைக்கு அறை வழி விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள், மண்ணும் சுண்ணாம்பும் கலந்து கட்டிய பாரம் தாங்கும் சுவரில் புதுவாசல் விபரீதம். என் வழக்கம், இப்படிப்பட்ட அறைக்குள் ஆட்களையே விடாமல் இருப்பது. நிலையிலிருந்து ஒன்றரை அடி உள்ளே, முட்டி உயரத்தில் ஒரு மரத்தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் அறை முழுவதும் ஒரே காட்சி. வாசலில் நின்று பார்த்துவிட்டு நகர்வார்கள். நான்கில் இரண்டை இப்படி வைத்து, வடக்கே ஒன்றை வெளியே வைக்காத பொருள்களுக்கு ஒதுக்கிவிட்டு, பெரிய அறை ஒன்றை மட்டும் உள்ளே போய்ப் பார்ப்பதாக வையுங்கள். வாசலிலிருந்து பார்க்கிற அறையில் சின்னப் பொருள்கள் வீண். எட்டடித் தூரத்தில் வெற்றிலைச் செல்லமும் பாக்குவெட்டியும் யாருக்குத் தெரியும்? கட்டில், தொட்டில், பெட்டகம் மாதிரி உருவம் பெரியவை அங்கே. உற்றுப் பார்க்க வேண்டியதெல்லாம், பத்திரம் உட்பட, நுழைய முடிகிற அந்த ஒரு அறைக்கு. அதாவது நுழையும் அறை தெற்கே இருக்கும் இரண்டாவது அறையாக அமைவது உங்களுக்கு வசதி.

180 பொருளில் நான் 60-க்கு மேல் வெளியே வைக்க மாட்டேன். மிச்சத்தை ஒதுக்கிய அந்த வடக்கு அறையில் பூட்டி, வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். மூன்று அரிவாள்மணை இருந்தால் ஒன்று போதும். எதை எடுப்பது என்று தடுமாறினால் ஒரு கேள்வி உதவும்: இந்தப் பொருள் இந்த வீட்டில் எங்கே இருந்தது? அங்கேயே வையுங்கள், பாதிக் கதை சொல்லாமலே புரியும். மரக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், "மரக்கால், நெல் அளக்கும் கருவி" என்ற சீட்டோடு இருந்தால் அரை வினாடி பார்ப்பார்கள். கூடத்தில், குதிருக்குப் பக்கத்தில், தரையில் பாய் விரித்து, மரக்கால், படி, ஆழாக்கு மூன்றையும் வைத்து, கொஞ்சம் நெல்லையும் கொட்டிவையுங்கள். 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். புதிதாகச் செய்த ஒரு படியையும் ஆழாக்கையும் முற்றத்துத் திண்டில் வைத்து, "எட்டு சரியாக வருகிறதா, அளந்து பாருங்கள்" என்று எழுதினால் பிள்ளைகள் அங்கேயே கிடப்பார்கள். பழைய மரக்காலைத் தொட வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதே வராது. ஒன்று, நெல்லை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்துப்பூச்சி வந்துவிடும்.

கண்ணாடி வைக்கிற இடத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். கூடத்தின் மேற்குச் சுவர் முற்றத்தைப் பார்த்திருக்கிறது. வீட்டிலேயே பெரிய, அழகான சுவர் அதுதான், பெரிய கண்ணாடிப் பெட்டியை அங்கே வைக்கத்தான் கை போகும். வைத்தால் கண்ணாடியில் முற்றமும் வானமும் பார்க்கிறவரின் சட்டையும்தான் தெரியும், உள்ளே இருக்கும் பொருள் தெரியாது. பெட்டிக்குள் விளக்கைக் கூட்டிப் பயனில்லை, முற்றத்து வெளிச்சத்தை எந்த விளக்கும் வெல்லாது. பெட்டியை அதே கூடத்தின் தெற்குச் சுவரிலோ வடக்குச் சுவரிலோ, முற்றத்துக்குப் பக்கவாட்டில் திருப்பிவைத்தால் பிரதிபலிப்பு பெருமளவு போய்விடும். செலவு செய்வதற்கு முன் ஒரு கண்ணாடித் துண்டை வாங்கி, வைக்க நினைக்கும் இடத்தில் நிமிர்த்திப் பிடித்து, பின்னால் ஒரு செம்பை வைத்து, காலை 10, மதியம் 1, மாலை 4 மணிக்குப் பாருங்கள். மூன்று வேளையும் செம்பு தெரிந்தால் அது பெட்டிக்கான இடம். பெட்டி எதுவாக இருந்தாலும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறும், கரையான் வருவதும் அந்த இடுக்கில்தான்.

காவலரின் நாற்காலிக்கு முற்றத்தின் வடகிழக்கு மூலைதான் சரியான இடம். ரேழி வாய், எதிரே தெற்கு அறைகளின் கதவுகள், குறுக்கே கூடம் மூன்றும் அங்கிருந்து தெரியும். சுற்றி முடித்தவர்கள் அவரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும், கருத்துப் புத்தகத்தையும் உண்டியலையும் அவர் பக்கத்திலேயே வைத்துவிடலாம். அவர் கண்ணுக்குத் தெரியாத ஒரே பெரிய இடம் சமையலறை. எனவே அங்கே அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை, அதாவது மடியில் கட்டிக்கொண்டு போக முடியாதவை மட்டும். கிணற்றைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும். பிள்ளைகள் வருகிற இடத்தில் கொல்லையைத் திறந்துவிட எனக்குத் துணிவு வராது.

பள்ளிக்கூடத்திலிருந்து 40 பேர் ஒரே பேருந்தில் வந்து இறங்குவார்கள். அவர்களை மூன்றாகப் பிரியுங்கள்: ஒரு குழு திண்ணையில் ஊர்க்கதை கேட்கட்டும், ஒன்று முற்றத்தில் நெல் அளக்கட்டும், ஒன்று சுற்றி வரட்டும். கால் மணிக்கு ஒருமுறை மாற்றினால் முக்கால் மணியில் முடிந்துவிடும். மழை பெய்தால் முற்றத்துக் குழுவைக் கூடத்துக்கு மாற்றுங்கள்.

நிலைப்படிகளை என்ன செய்வது என்பதில் என்னிடம் முழுமையான விடை இல்லை. 15 செ.மீ. படியைச் சக்கர நாற்காலி ஏற, 1-க்கு 12 என்ற சரிவில் 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும், படிக்கு அந்தப் பக்கம் இறங்கவும் அதே நீளம். வாசலில் கழற்றி மாட்டுகிற மரச்சாய்தளம் போட்டுவிடலாம், தாழ்வாரத்துக்குள் அதற்கு இடமில்லை. படியை வெட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. அதனால் அறைகளுக்குள் வர முடியாதவருக்கும் கதை முழுமையாகக் கிடைக்கும்படி முக்கியமானவற்றைத் தாழ்வாரத்திலும் கூடத்திலும் வைக்கிறேன். விளக்கச் சீட்டை உட்கார்ந்தவரும் நிற்பவரும் படிக்கும்படி தரையிலிருந்து 110 முதல் 140 செ.மீ.க்குள் மாட்டுங்கள். எழுத்து 24 புள்ளிக்குக் குறையாமல், ஒரு சீட்டுக்கு நாற்பது சொல்லுக்கு மிகாமல். தாழ்ந்த நிலைக்கு மேலே தலை இடிக்கும் என்று எழுதிவைப்பதை விட, அங்கே மாவிலைத் தோரணம் கட்டினால் தலை தானே குனியும்.

என் துறைக்கு வெளியே இரண்டு உண்டு. மச்சில் ஆட்களை ஏற்றலாமா என்பதை உத்திரத்தைத் தட்டிப் பார்த்த கட்டடப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், அதுவரை ஏணியை எடுத்துவிடுங்கள். ஓலைச்சுவடி இருந்தால் நீங்களாக எண்ணெய் தடவாதீர்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

தச்சரிடம் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு சனி ஞாயிறு செலவழியுங்கள். முதல் வாரம் பெட்டிகளின் அளவைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து, அந்த இடங்களில் பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்குங்கள். சொந்தக்காரர்கள் பதினைந்து பேரைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே விடுங்கள். நீங்கள் வடகிழக்கு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தப் பெட்டி இடிபட்டு நகர்கிறது, எங்கே இருவர் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், யார் எங்கிருந்து திரும்பி வருகிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். இரண்டாவது வாரம் அட்டைப்பெட்டிகளை மாற்றிவைத்து மறுபடி. இரண்டு தடவையும் ஒரே இடத்தில் பெட்டி இடிபட்டால், அந்தப் பெட்டியைத் தச்சரின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.